நாலெல்லை வாசிக்கும் பாட்டி

ஒரே ஒரு ஆள் மேடையில் நின்று ஒரு தாயாகப் பேசுவது ஆழ்வார்திருநகரிக்குப் புதிதல்ல. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், மேல்கோட்டை தவிர அரையர் சேவை இன்றும் நடக்கும் ஊர் இது. கூம்புக் குல்லாயும் கையில் தாளமுமாக அரையர் பாசுரத்தைப் பாடுகிறார், அபிநயம் பிடிக்கிறார், பிறகு வியாக்கியானம் சொல்கிறார். முத்துக்குறி என்ற பகுதியில் மகளைப் பற்றிக் கவலைப்படும் தாய், அந்த மகள், குறி சொல்லும் கட்டுவிச்சி மூவரும் ஒருவரே. ஆளுக்கு ஒரு வேடம் என்று போய் மாற்றிக்கொண்டு வருவதில்லை. குரலும் கையும் மாறினால் போதும், ஆள் மாறிவிடுகிறார்.

நம்மாழ்வாரே தாய்க்குரலில் நிறையப் பாடியவர். பக்கத்துத் திருக்கோளூருக்குப் புறப்பட்டுவிட்ட மகளை நினைத்து வீட்டிலிருக்கும் தாய் புலம்புவதாக ஒரு பதிகமே உண்டு. அங்கே மகள் போகிறாள், தாய் வீட்டில் நிற்கிறாள். அதைத் திருப்பிப் போட்டால் இன்றைய கதை. பிள்ளைகள் எப்போதோ வெளியூர் போய்விட்டார்கள். இப்போது தாய் வீட்டை விற்றுவிட்டுப் புறப்படுகிறாள். இதை ஒரு முதிய நடிகை தனியாக இருபது நிமிஷம் பேசி நடிக்க வேண்டும் என்றால் எப்படி எழுதுவது?

பெரும்பாலும் எழுதுவது இப்படித்தான்: பாட்டி காலி வீட்டில் நின்று தூணைத் தடவுவாள், ஊஞ்சலைப் பார்ப்பாள், கண்ணீர் விடுவாள். மூன்றாவது நிமிஷத்தில் சபைக்கு அலுத்துவிடும். அழுகையில் ஆரம்பித்தவளுக்கு மேலே போக இடமில்லை. வீடு விற்கும் நாடகங்களில் உலகம் அறிந்தது செகாவின் ‘செர்ரித் தோட்டம்’. 1904-ல் மாஸ்கோவில் அரங்கேறியபோது ஸ்தானிஸ்லாவ்ஸ்கி அதைச் சோகமாக நடத்தினார். செகாவ் கடைசிவரை அது நகைச்சுவைதான் என்று வாதாடினார். எழுதியவர் பக்கம்தான் நியாயம். சொத்து ஏலம் போகும் நாளில் அந்த வீட்டில் விருந்தும் நடனமும் நடக்கின்றன. ஏலத்தை மேடையில் காட்டுவதே இல்லை. துக்கம் அதனால்தான் நமக்குள் இறங்குகிறது.

ஆகவே பாட்டிக்கு அழுகையைக் கொடுக்க வேண்டாம். கையில் ஒரு காகிதத்தைக் கொடுக்கலாம், கிரயப் பத்திரத்தின் நகல். நாளைக்குப் பதிவு. பத்திரம் எழுதுகிறவர் வந்து, “ஒருதடவை வாசிச்சுப் பாத்துருங்க ஆச்சி, பேரு, அளவு ஏதாவது தப்பா இருந்தா இப்பவே சொல்லிருங்க” என்று நீட்டியிருக்கிறார். அவரை மேடையில் காட்டத் தேவையில்லை. ஒரு காலி நாற்காலி போதும். பாட்டி யாரிடம் பேசுகிறாள் என்ற கேள்விக்கு அதுவே பதில். வானத்தைப் பார்த்துப் பேசும் கதாபாத்திரத்தை யாரும் நம்புவதில்லை.

பத்திரத்தில் நாடகத்துக்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, முக்கியமாகச் சொத்து விவரத்தில் வரும் நான்கெல்லை. கிழக்குப் பார்த்த வீடு என்றால் அது இப்படி இருக்கும்: தெருவுக்கு மேற்கு, இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு, பொதுச் சந்துக்குத் தெற்கு. நம் வீடு எங்கே இருக்கிறது என்று பத்திரம் நேராகச் சொல்வதில்லை. மற்றவர்களுக்கு எந்தப் பக்கம் என்றுதான் சொல்கிறது. அந்த ‘இன்னார்’ செத்து நாற்பது வருஷம் ஆகியிருக்கும். பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதுவதால் பெயர் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

பாட்டி வாசிக்கிறாள், ஒவ்வொரு எல்லையிலும் நிற்கிறாள். கிழக்கே தெரு. வைகாசித் திருநாளில் ஒன்பது கருட சேவைக்கு முந்தின ராத்திரி திண்ணையில் யார் யார் படுத்துக் கிடப்பார்கள் என்று சொல்கிறாள். தெற்கே வருகிறாள்: “இந்தப் பேருக்காரர் போயே எத்தன வருசமாச்சி தம்பி. இப்ப அங்ஙன மாடி வீடு. பத்திரத்துல மட்டும் அவரு இன்னும் அடுத்த வீட்டுல இருக்காரு.” இங்கே சபை சிரிக்கும், சிரிக்கட்டும். மேற்கே வெறும் மனை என்று ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறாள். வடக்கே சந்து. ஆற்றுப் பக்கம். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைமீறியபோது தண்ணீர் அந்தச் சந்து வழியாகத்தான் உள்ளே வந்தது. எவ்வளவு என்று அவள் வாயால் சொல்லக் கூடாது. எழுந்து நின்று கையை நெஞ்சுக்கு நேரே வைத்துக் காட்டினால் போதும். மூலப் பத்திரம் அன்றைக்கு ஊறிப் போனது. இப்போது இருப்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பணம் கட்டி வாங்கிய நகல்.

நாடகம் திரும்ப வேண்டிய இடத்தையும் பத்திரமே வைத்திருக்கிறது. இதுவரை அவள் ‘என் வீடு’ என்றுதான் சொல்லி வந்தாள். இப்போது முதல் பக்கத்துக்கு வருகிறாள். அங்கே விற்பவர்களாக நான்கு பேர். வீடு கணவர் சம்பாதித்து வாங்கியது. அவர் உயில் எழுதாமல் போய்விட்டார். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சரிபங்கு. மகன், மகள் வித்தியாசம் இல்லை. அவருடைய தாயார் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு போயிருக்கும். மூன்று பிள்ளைகள் என்றால் பாட்டிக்கு நாலில் ஒன்று. ஐம்பது வருஷம் தினமும் பெருக்கிக் கோலம் போட்ட வீட்டில் கால் பாகம்.

“அப்ப அடுக்களை எனக்கு, தார்சாவும் பட்டாசலும் பிள்ளேளுக்கா? இல்ல, அப்படியில்லியாம். ஒவ்வொரு செங்கல்லுலயும் எனக்குக் கால்வாசியாம்.”

சட்டத்தில் அதற்குப் பிரிவுபடாத பாகம் என்று பெயர். பாட்டி சொல்வதுதான் சரியான விளக்கம். விற்பதை நிறுத்துவதானாலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவள் சொன்னால் போதும். முழு வீடும் ஒரே பத்திரத்தில் போக நான்கு கையெழுத்தும் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை தூதரகத்தில் சான்று வாங்கிய அதிகாரப் பத்திரம் அனுப்பியாகிவிட்டது. மிச்சம் அவள் மட்டும்தான். இதைத் தெரிந்துகொண்டே அவள் வாசிக்கிறாள் என்பது சபைக்கு இந்த இடத்தில்தான் புரிய வேண்டும். இதற்கு முன்னால் ஒரு சின்ன ஜாடைகூடக் காட்டிவிடக் கூடாது.

கடைசியாக எல்லாக் கிரயப் பத்திரத்திலும் வரும் உறுதிமொழி. இந்தச் சொத்தில் எந்த வில்லங்கமும் இல்லை, பின்னால் ஏதாவது கிளம்பினால் விற்கிறவர்களே முன்னின்று தீர்த்துக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார்கள். அடமானம், முன் விற்பனை என்று பதிவான எல்லாம் அதில் வந்துவிடும். பாட்டி இந்த வரியை மூன்று முறை தொடங்க வேண்டும். முதல் தடவை கண்ணாடியைத் துடைக்கிறாள். இரண்டாம் தடவை வாசலில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கிறது என்கிறாள். மூன்றாம் தடவை முழுக்க வாசித்துவிடுகிறாள், குரல் உடையாமல், பலசரக்குக் கணக்கை வாசிப்பது போல. இந்த இடத்தில் குரலை நடுங்கவிடும் நடிகையை இயக்குநர் தடுக்க வேண்டும்.

பிறகு காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்கிறாள்:

“அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. புறவாசல் கெணறு மட்டும் விட்டுப் போச்சி. அதையும் சேத்து எழுதிருங்க. வாங்குதவுக பின்னால வந்து அது யாரோடதுன்னு கேக்கக் கூடாதுல்லா?”

விளக்கை இங்கேயே அணைத்துவிடலாம்.