சராசரிக்குப் பின்னால் ஒரு மூன்றில் ஒரு பங்கு

கல்வி உளவியல் பாடத்துக்கு இந்தப் பருவத்தில் எங்களுக்குத் தரப்பட்ட கட்டுரைகளில் பாதிக்கு மேல் மெட்டா பகுப்பாய்வுகள். ஒரு கற்பித்தல் முறையைப் பற்றிப் பல ஆண்டுகளாக, பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி, அவற்றின் முடிவுகளை ஒரே எண்ணாகச் சுருக்கித் தருவதுதான் மெட்டா பகுப்பாய்வு. வகுப்பில் காட்டப்படும் திரையில் பெரும்பாலும் அந்த ஓர் எண்தான் மிஞ்சுகிறது. "பின்னூட்டம்: 0.41. பயனுள்ளது." அடுத்த பக்கம்.

என்னோடு படிப்பவர்களில் பலர் ஆசிரியராகப் போகிறவர்கள். இப்போதே வார இறுதியில் துணைப்பாடம் சொல்லித் தருபவர்களும் உண்டு, நானும் அவர்களில் ஒருத்தி. அந்த ஒற்றை எண்ணை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மாணவர்முன் போய் நிற்பது சரியில்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்ல இந்த 0.41ஐயே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த எண் எதைக் குறிக்கிறது? இரண்டு வகுப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் ஆசிரியர் ஒவ்வொரு பயிற்சிக்கும் பின்னூட்டம் தருகிறார், மற்றதில் தரவில்லை. தேர்வில் முதல் வகுப்பின் சராசரி 62, இரண்டாவதன் சராசரி 58. இடைவெளி நான்கு மதிப்பெண். இந்த நான்கு பெரியதா சிறியதா என்பது, மாணவர்களின் மதிப்பெண்கள் வழக்கமாக எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைப் பொறுத்தது. அந்தச் சிதறலின் அளவுதான் திட்ட விலக்கம். அது 10 என்றால், நான்கைப் பத்தால் வகுக்க 0.4 கிடைக்கும். இதுவே விளைவு அளவு. 40 பேர் உள்ள வகுப்பில் நடுவில், அதாவது 20ஆம் இடத்தில் இருக்கும் ஒரு மாணவர், ஏறக்குறைய 14ஆம் இடத்துக்கு நகர்வார். அவ்வளவுதான் 0.4. அதிசயம் இல்லை, ஆனால் பெற்றோர் கவனிக்கக்கூடிய முன்னேற்றம்.

மதிப்பெண்ணைத் திட்ட விலக்கத்தால் வகுப்பதில் ஒரு வசதி உண்டு. ஓர் ஆய்வில் 100க்குத் தேர்வு, இன்னொன்றில் 30 சொற்களுக்கு எழுத்துக்கூட்டல் சோதனை என்றாலும் இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துவிடலாம். அதன் பிறகு சேர்ப்பதுதான் வேலை. எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் போதாதா? போதாது. வகுப்புக்கு 20 பேர் வைத்துச் செய்த ஆய்வையும் 200 பேர் வைத்துச் செய்ததையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சிறிய ஆய்வில் இரண்டு கெட்டிக்காரப் பிள்ளைகள் தற்செயலாக ஒரு பக்கம் சேர்ந்துவிட்டாலே முடிவு ஆடிப்போகும். அதனால் துல்லியமான ஆய்வுக்குக் கூடுதல் எடை தரப்படுகிறது.

கற்பனையாக இரண்டே இரண்டு ஆய்வுகளை எடுப்போம். சிறிய ஆய்வின் விளைவு 0.8, அதைவிடப் பத்து மடங்கு பெரிய ஆய்வின் விளைவு 0.2. சாதாரணச் சராசரி 0.5. பெரியதற்குப் பத்து மடங்கு எடை கொடுத்தால் விடை சுமார் 0.25ஆக இறங்கிவிடும். ஆனால் இந்த எடைபோடல், இரண்டு ஆய்வுகளும் ஒரே உண்மையைத்தான் அளக்கின்றன, வேறுபாடு எல்லாம் தற்செயல் என்று நினைத்துக்கொள்கிறது. தொடக்கநிலை மூன்றில் கணிதம் படிப்பவர்களுக்கும் தொடக்கக் கல்லூரியில் வேதியியல் படிப்பவர்களுக்கும் பின்னூட்டம் ஒரே அளவுதான் உதவும் என்று யார் சொன்னது? இடத்துக்கு இடம் உண்மை விளைவே மாறலாம் என்று ஒப்புக்கொண்டு கணக்கிடும் முறை ஒன்று உண்டு. அதில் பெரிய ஆய்வும் பல இடங்களில் ஓர் இடம்தான் என்பதால், எடை வித்தியாசம் குறைகிறது. அந்த மாற்றம் ஓரளவு பெரியது என்று எடுத்துக்கொண்டு எடைகளை ஒன்றுக்கு இரண்டு என்று வைத்தால், அதே இரண்டு ஆய்வுகளின் சராசரி 0.4ஆக ஏறுகிறது. தரவு மாறவில்லை. 0.25, 0.4, 0.5 என மூன்று விடைகள். ஆகவே "ஆய்வுகள் நிரூபித்த எண்" என்று யாராவது சொன்னால், எந்தக் கணக்கில் என்று கேட்பது குதர்க்கம் ஆகாது.

இனி உண்மையான 0.41க்கு வருவோம். குளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட பகுப்பாய்வு அது. 131 கட்டுரைகளிலிருந்து 607 விளைவு அளவுகளைத் திரட்டினார்கள். சராசரி 0.41. பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அதே ஆய்வுச் சுருக்கத்தில், அதே வாக்கியத்தில், அடுத்ததாக ஒரு செய்தி இருக்கிறது. அந்த விளைவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எதிர்மறையானவை. அதாவது, பின்னூட்டம் பெற்ற குழு, பெறாத குழுவைவிட மோசமாகச் செய்திருக்கிறது.

சிறிய ஆய்வுகளின் தற்செயல் ஆட்டமாக இருக்கக்கூடாதா என்று உடனே தோன்றும். நல்ல கேள்வி. ஆனால் அவர்களே அதைச் சோதித்துவிட்டு, தற்செயலால் மட்டும் இதை விளக்க முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். பாராட்டா குறையா என்பதாலும் விளக்க முடியவில்லையாம்.

இங்கேதான் இரண்டு வகை இடைவெளிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டுரைகளில் சராசரிக்குப் பக்கத்தில் வழக்கமாக அச்சாகும் நம்பிக்கை இடைவெளி, அந்தச் சராசரி எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே சொல்கிறது. ஆய்வுகள் கூடக்கூட அது குறுகிக்கொண்டே போகும். பார்ப்பவருக்கு எல்லாம் முடிவாகிவிட்டது போல இருக்கும். ஆசிரியருக்கு வேண்டியதோ வேறு கேள்வியின் பதில்: என் வகுப்பில் இதைச் செய்தால் என்ன ஆகும்? அதற்குக் கணிப்பு இடைவெளி வேண்டும். சராசரி 0.41, உண்மை விளைவுகளின் சிதறல் 0.3 என்று ஓர் உதாரணம் எடுத்துக்கொண்டால், 50 ஆய்வுகள் இருக்கும்போது நம்பிக்கை இடைவெளி ஏறக்குறைய 0.3 முதல் 0.5 வரை வரும். கணிப்பு இடைவெளியோ -0.2 முதல் 1.0 வரை விரியும். முதலாவதைப் பார்த்தவர் "கட்டாயம் பலன் தரும்" என்பார். இரண்டாவதைப் பார்த்தவர் "பெரும்பாலும் பலன் தரும், சில இடங்களில் கெடுக்கும், எங்கே என்று பார்க்க வேண்டும்" என்பார். இரண்டும் ஒரே தரவுதான். இரண்டாவது இடைவெளியை அச்சிடாத பகுப்பாய்வுகள் இன்றும் நிறைய வருகின்றன. எனக்கு இது எரிச்சலூட்டும் விஷயம்.

எங்கே கெடுக்கிறது என்பதற்குக் குளூகரும் டெனிசியும் ஒரு விளக்கம் தருகிறார்கள். மாணவரின் கவனத்தைச் செய்யும் வேலையில் வைக்கும் பின்னூட்டம் உதவுகிறது. "நான் எப்படிப்பட்டவன்" என்ற பக்கம் கவனத்தைத் திருப்பும்போது பலன் குறைகிறது. தமிழ்க் கட்டுரையின் ஓரத்தில் "எழுவாய் பன்மை, பயனிலை ஒருமை, சேர்த்துப் பார்" என்று எழுதுவது முதல் வகை. "உன்னிடம் இதைவிட எதிர்பார்த்தேன்" என்பது இரண்டாவது வகை. "நீ கெட்டிக்காரி!" என்பதும் இரண்டாவது வகைதான் என்பதைப் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆய்வுக் கணக்கில் மூன்றுக்கும் ஒரே பெயர், பின்னூட்டம். மூன்றும் ஒரே சராசரிக்குள் போய்விடுகின்றன.

2020இல் வெளிவந்த இன்னொரு பகுப்பாய்வு இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காட்டுகிறது. பின்னூட்டத்தின் விளைவு 0.79 என்ற பெரிய எண்ணை ஜான் ஹேட்டி முன்பு பிரபலப்படுத்தியிருந்தார். அது பல மெட்டா பகுப்பாய்வுகளின் சராசரிகளை மறுபடியும் சராசரி எடுத்து வந்த எண். விஸ்னியெவ்ஸ்கி, ஸீரர் ஆகியோருடன் ஹேட்டியே சேர்ந்து, இந்த முறை மூல ஆய்வுகளுக்குத் திரும்பிப் போனார். 435 ஆய்வுகள், 994 விளைவு அளவுகள். சராசரி 0.48. ஆசிரியர்களிடம் பரவிய எண் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இறங்கிவிட்டது. வகைவாரியாகப் பார்த்தபோது, வெறும் பரிசு, தண்டனை போன்றவற்றுக்கு 0.24. எது தவறு, ஏன் தவறு, அடுத்து எப்படிச் செய்வது என்று விரிவாகச் சொல்லும் பின்னூட்டத்துக்கு 0.99. இந்த இரண்டையும் கலந்து 0.48 என்பது, மிளகாய்ச் சாந்தையும் சர்க்கரைப் பாகையும் கலந்து சராசரிச் சுவை சொல்வதைப் போன்றது.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சேர்க்கப்பட்ட ஆய்வுகள் எப்படி நடந்தன என்பதும் எண்ணை மாற்றும். சங், ஸ்லாவின் இருவரும் 2016இல் கல்வித் திட்டங்கள் பற்றிய 645 ஆய்வுகளை ஒப்பிட்டார்கள். ஆய்வாளர் தாமே தயாரித்த தேர்வைப் பயன்படுத்திய ஆய்வுகளில் விளைவு, வெளியார் தயாரித்த தேர்வைப் பயன்படுத்தியவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிறிய ஆய்வுகளுக்கும் பெரியவற்றுக்கும் இடையிலும், இதழ்களில் வெளியானவற்றுக்கும் வெளியாகாதவற்றுக்கும் இடையிலும் இதே கதை. சொல்லிக்கொடுத்ததையே கேட்டால் மதிப்பெண் ஏறத்தானே செய்யும். பலன் கிடைக்காத சிறிய ஆய்வு மேசை அறையிலேயே தூங்கிவிடுகிறது. ஆகவே சிறிய ஆய்வுகள் எல்லாம் பெரிய விளைவையும், பெரிய ஆய்வுகள் சிறிய விளைவையும் காட்டினால், சராசரியை நம்புவதற்கு முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

இவ்வளவையும் ஆசிரியர்கள் எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று ஒரு தோழி கேட்டாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கட்டுத்தாள்களைத் திருத்தவே நேரம் போதாத வேலை அது. அதனால்தான் இந்தப் பொறுப்பு, எண்ணைத் திரையில் போடுகிறவர்களுக்கு உரியது என்கிறேன். 0.41 என்று எழுதும் அதே வரியில் கணிப்பு இடைவெளியையும் எழுத இடம் இருக்கிறது. எதோடு ஒப்பிட்டார்கள், யார் தயாரித்த தேர்வால் அளந்தார்கள் என்பதற்குக் கூடுதலாக ஒரு வரி போதும். குளூகர், டெனிசியின் ஆய்வு என்றால், "மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எதிர்மறை" என்ற சில சொற்கள். அவை சுருக்கத்திலேயே அச்சாகி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன.