தண்ணீர் அறிக்கைக்குப் பாஸ் மார்க் கிடையாது

"பரிசோதித்த ஐந்தில் மூன்று சரி, தண்ணீரில் குறையில்லை" என்கிறது தோட்ட நிர்வாகம். கையில் தந்தது அறிக்கையல்ல, போனில் சரிவாய் எடுத்த ஒரு போட்டோ. அதை நாம் வரிவரியாக வாசித்தோம்.

தோழர்களே, அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறதென்று ஒதுங்க வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் மூன்றே விடயங்கள்தான்: எதைச் சோதித்தார்கள், எவ்வளவு இருந்தது, எவ்வளவு வரை இருக்கலாம். சரிந்த போட்டோவில் ஒரு வரியின் இலக்கம் அடுத்த வரிக்கு உரியதுபோல் தெரியும். ஆகவே அடிமட்டத்தை வைத்து ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டோம். எல்லைகள் இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614இன்படி:

பி.எச்.: 6.8, எல்லை 6.5 முதல் 8.5 வரை. சரி.
நைத்திரேற்று: <0.5, எல்லை 50. சரி.
இரும்பு: 028; எல்லை 0.3. சந்தேகம்.
கலங்கல்: 4.6, எல்லை 2. மீறியது.
ஈ.கோலை: 100 மில்லிலீற்றரில் 14, எல்லை 0. மீறியது.

நைத்திரேற்றுக்கு முன்னுள்ள குறி, 0.5ஐ விடக் குறைவு என்பதைச் சொல்கிறது. 028 என்று யாரும் இலக்கம் எழுதுவதில்லை. போட்டோவில் புள்ளி மறைந்திருக்கிறது. அது 0.28 ஆனால் எல்லைக்குள்தான். ஆனாலும் நாம் ஊகித்துச் சரி போடமாட்டோம். மூலப் பிரதியைக் காட்டட்டும்.

இனி அந்த மீறிய இரண்டுக்கும் வருவோம். ஈ.கோலை மனித மலத்திலும் விலங்கு மலத்திலும் இருக்கும் கிருமி. அது தண்ணீரில் இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்றே பொருள். மற்ற வரிகள் எத்தனை சரியாக இருந்தாலும் இந்த ஒரு வரி போதும், அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. இது ஐந்துக்கு மூன்று எடுத்தால் பாஸாகும் பரீட்சையல்ல.

"குளோரின் போட்டுவிடுகிறோம்" என்பார்கள். கலங்கல் தண்ணீரில் மண்துகள்களுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும், குளோரினும் வீணாகும். முதலில் வடிகட்ட வேண்டும், பிறகுதான் குளோரின். அதுவரை குடிக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவையுங்கள், கிருமி சாகும். ஆனால் லயத்துக் குடும்பங்கள் விறகு தேடிக் கொதிக்கவைப்பது நிர்வாகத்தின் கடமையைத் தீர்த்துவிடாது.

போட்டோவில் இன்னொன்றும் இல்லை. மாதிரியை எங்கே, எந்தத் திகதியில் எடுத்தார்கள் என்ற மேற்பகுதி வெட்டப்பட்டிருக்கிறது. மேலே தாங்கியில் எடுத்த தண்ணீர், உடைந்த குழாய் வழியாக லயத்துப் பீலிக்கு வந்த தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்லாது.

நாம் கேட்பது இவைதான்: முழு அறிக்கையைப் பெரட்டுக்களத்தில் ஒட்டுங்கள். வடிகட்டியும் குளோரினும் போடுங்கள். அதன்பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முன்னிலையில், நாம் குடிக்கும் பீலியிலேயே மாதிரி எடுங்கள். ஈ.கோலை வரியில் 0 வரும்வரை "குறையில்லை" என்ற பேச்சை நாம் ஏற்கமாட்டோம்.