ஆசிரியைகளின் பெயர்கள் அழியலாகாது

நம் பள்ளி அன்னை நூற்றாண்டு காண்கிறாள். நன்கொடையாளரின் பெயர் கல்லில் நிலைக்கிறது. நமக்கு எழுத்தறிவித்தவர்களின் பெயரோ மறைந்து வருகிறது. அன்றுமுதல் இன்றுவரை பணிபுரிந்த ஆசிரியைகள் அனைவரின் பெயர்ப்பட்டியலும் இவ்வாண்டிலேயே எழுதப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கன்னியர்கள் துறவறம் ஏற்றபோது புதுப்பெயர் பூண்டனர். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் அவர்களில் பலர் தம் ஞானஸ்நானப் பெயருக்கே திரும்பினர். ஆகவே பழைய படங்களில் இரு பெயர்களில் காணப்படுபவர் ஒருவராகவே இருக்கலாம். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் நின்ற மாதமே மற்றொன்று தொடங்கும். ஆனால் ஒருவர் மாற்றலாகி, வேறொருவர் அவ்விடத்திற்கு வந்தாலும் அப்படித்தான் தோன்றும். பணிப்பதிவேட்டில் பிறந்த தேதியும் ஒத்திருந்தால்தான் ஒருவர் எனக் கொள்ளலாம். மணமானபின் தலைப்பெழுத்து மாறிய ஆசிரியைகளுக்கும் இதுவே வழி.

ஏடு சொல்லாததை முதிய சகோதரிகள் சொல்வார்கள். அவர்கள் நம்மோடிருக்கும்போதே கேட்டு எழுதுவோம். இன்று கற்பிக்கும் ஆசிரியைகள் தம் பெயரைத் தம் கையாலேயே அப்பட்டியலில் எழுதட்டும். அதுவே அவர்களுக்கு நாம் செலுத்தும் குருதட்சணை.

— பழைய மாணவியர்