வெளியே போகும் அந்தக் குறுஞ்செய்தி

ஹைதராபாத்தின் கொண்டாப்பூரில், ஹைடெக் சிட்டி அலுவலகங்களை நம்பி நிற்கும் விடுதிகளில், தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களில் பலருடைய போனில் இரண்டு சிம் இருக்கும். ஒன்று, கல்லூரி நாளில் ஊரில் வாங்கியது. வங்கிக் கணக்கில் இருப்பது அந்த எண்தான். இன்னொன்று, இங்கே வந்தபின் டேட்டாவுக்காக வாங்கியது. புதுப் போன் வாங்கிய அன்று அவர்களில் ஓர் இளைஞர் பணச் செயலியை இறக்குகிறார். திரை சில நொடி சுழல்கிறது. பிறகு ‘இந்த எண்ணில் வங்கிக் கணக்கு எதுவும் இல்லை’ என்கிறது. சிம்மை மாற்றித் தேர்ந்தெடுத்தால் ‘எண்ணைச் சரிபார்க்க முடியவில்லை’ என்கிறது. கடைக்காரர் நெட் ஸ்லோ என்பார். நெட்டுக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது.

அந்தச் சில நொடிகளில் நடப்பது இது. செயலி, போனின் அடையாளங்களைச் சேர்த்து, சங்கேதமாக்கி, படித்தால் ஒன்றும் புரியாத ஓர் எழுத்துக்கோவையை உருவாக்குகிறது. அதை நாம் தேர்ந்தெடுத்த சிம்மிலிருந்து, செயலிக்குப் பின்னால் இருக்கும் வங்கியின் எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸாக அனுப்புகிறது. கூகுள் பே, போன்பே போன்றவை வங்கிகள் அல்ல. யுபிஐக்குள் வர அவற்றுக்கு ஒரு வங்கி துணை வேண்டும். அந்த வங்கியின் சர்வர் வந்த செய்தியில் இரண்டைப் பார்க்கிறது: உள்ளே இருக்கும் போனின் அடையாளம், வெளியே தொலைபேசி நிறுவனம் காட்டும் அனுப்புநர் எண். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறது. அதன் பிறகுதான் ‘உங்கள் வங்கி எது’ என்ற கேள்வி. நாம் வங்கியைச் சொன்னதும், இந்த எண்ணில் கணக்கு இருக்கிறதா என்று என்பிசிஐ வழியாக அந்த வங்கியிடம் விசாரிக்கப்படுகிறது. இருந்தால் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் திரையில் வரும். இல்லையென்றால் கொண்டாப்பூர் இளைஞர் பார்த்த அந்த வாசகம் வரும். அவர் தேர்ந்தெடுத்தது ஹைதராபாத் எண். வங்கிக்குத் தெரிந்ததோ ஊர் எண்.

சரி, ஊர் எண்ணைத் தேர்ந்தெடுத்த பிறகும் ஏன் நடக்கவில்லை? அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் முடிந்திருக்கும். பேக் முடிந்த சிம்மில் சில நாள் வரை வங்கிச் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் வெளியே ஒரு செய்தியும் போகாது. ஓடிபி வருகிறதே, எண் உயிரோடுதானே இருக்கிறது என்று அவர் நினைப்பது இயல்பு. இந்தப் பதிவுக்கு வேண்டியது போகிற வழி. வருகிற வழி திறந்திருந்து பயனில்லை.

ஏன் இப்படி? உள்ளே வரும் ஓடிபியைக் கேட்டால் போதாதா? போதாது என்பதைக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பீம் உள்ளிட்ட ஏழு யுபிஐ செயலிகளைப் பிரித்து ஆராய்ந்து, 2020இல் யுசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் கட்டுரை வெளியிட்டார்கள். பீம் செயலியின் பழைய பதிப்பில், வெளியே போகும் எஸ்எம்எஸ் தோற்றுவிட்டால் பக்கத்துக் கதவு ஒன்று திறந்தது: எண்ணை நீங்களே தட்டலாம், அதற்கு வரும் ஓடிபியைக் கொடுக்கலாம். திருடனுக்கு அது போதும். அவன் தன் போனிலிருந்து எஸ்எம்எஸ் போகாதபடி செய்துவிட்டு, உங்கள் எண்ணைத் தட்டுவான். உங்கள் போனில் ஏதோ ஒரு விளையாட்டுச் செயலிக்கு நீங்கள் குறுஞ்செய்தி படிக்க அனுமதி கொடுத்திருந்தால், அது ஓடிபியை அவனுக்குக் கடத்திவிடும். உங்கள் எண் அவன் போனோடு கட்டப்பட்டுவிடும்.

ஓடிபியைப் படித்துச் சொல்லலாம், பார்த்துத் திருடலாம், ஏமாற்றிக் கேட்கலாம். வெளியே போகும் செய்தி கேட்பது வேறு: சிம் இந்தப் போனுக்குள்ளேயே இருக்க வேண்டும். எண்ணைச் சொல்வது நாமாக இல்லாமல் தொலைபேசி வலையமைப்பாக இருப்பதுதான் இதன் பலம். 2016இல் யுபிஐ தொடங்கியபோதே எடுத்த இந்த முடிவு நல்ல முடிவு என்றே சொல்வேன். அதன் எல்லைகளை மக்களுக்குச் சொல்லாமல் விட்டதில்தான் எனக்குக் குறை.

முதல் எல்லை, ஐபோன். ஆண்ட்ராய்டில் அனுமதி வாங்கிக்கொண்டு செயலியே சத்தமில்லாமல் செய்தியை அனுப்பிவிடும். ஆப்பிள் அதை விடாது. செய்திப் பெட்டி திறக்கும், எழுத்துக்கோவை அதில் தயாராக இருக்கும், ‘அனுப்பு’ பொத்தானை நாம் அழுத்த வேண்டும். மேலும், எந்த சிம் உள்ளே இருக்கிறது என்று படிக்க ஐபோனில் சாதாரணச் செயலிக்கு வழியில்லை. ஆண்ட்ராய்டும் 2019இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து சிம்மின் வரிசை எண்ணையும் போனின் ஐஎம்இஐயையும் செயலிகளிடமிருந்து மறைத்துவிட்டது; தனியுரிமைக்கு அது நல்லது. ஆகவே ‘சிம்மோடு பிணைக்கப்பட்டது’ என்று செயலி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பதிவு செய்த அந்த நிமிடத்தில் இந்த சிம் இந்தப் போனில் இருந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

அந்தச் சாட்சியைப் பொய்யாகவும் வாங்கலாம். மோசடிக்காரன் தன் போனில் பதிவைத் தொடங்கி, அதில் உருவாகும் எழுத்துக்கோவையை வெளியே எடுக்கிறான். வங்கியிலிருந்து பேசுவதாக உங்களை அழைக்கிறான். ‘சார், உங்கள் கேஒய்சி நிலுவையில் இருக்கிறது. ஒரு மெசேஜ் அனுப்புகிறேன், அதை இந்த நம்பருக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க, ஓடிபி எதுவும் கேட்க மாட்டேன்’ என்கிறான். ஓடிபி கேட்காதவன் நல்லவன் என்று நாமும் நம்புகிறோம். நீங்கள் ஃபார்வர்ட் செய்ததும் வங்கியின் சர்வருக்குத் தெரிவது என்ன? அனுப்புநர் உங்கள் எண். உள்ளே இருப்பது அவன் போனின் அடையாளம். முடிச்சு விழுந்துவிடுகிறது.

இதோடு பணம் போய்விடாது. புதிதாக யுபிஐ பின் அமைக்க டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கம், காலாவதி மாதம், வங்கி அனுப்பும் ஓடிபி மூன்றும் வேண்டும். ஆதார் வழியும் இப்போது உண்டு. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: யுபிஐ பின் செயலிக்கு உரியதல்ல, வங்கிக் கணக்குக்கு உரியது. ஒரு செயலியில் வைத்த பின் இன்னொன்றிலும் செல்லும். ஏற்கெனவே பின் வைத்திருப்பவரிடம் ‘சரிபார்ப்பதற்காக’ அதைக் கேட்டு வாங்கிவிட்டால், கார்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். புதிதாகப் பதிந்த போனுக்கு முதல் 24 மணி நேரத்தில் பொதுவாக 5,000 ரூபாய்தான் வரம்பு என்பது, திருட்டைத் தடுக்காவிட்டாலும் இழப்பைச் சுருக்குகிறது.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. போனின் அனுப்பிய செய்திகளைப் பாருங்கள். தெரியாத எண்ணுக்கு, பொருளற்ற நீண்ட எழுத்துக்கோவை ஒன்று போயிருக்கிறதா? நீங்கள் செயலி நிறுவிய நேரமும் அது போன நேரமும் ஒத்துப்போனால் பயமில்லை. நீங்கள் எதையும் நிறுவாத நாளில் அது போயிருந்தால், வங்கியை அழைத்து யுபிஐயை நிறுத்தச் சொல்லுங்கள். பணமும் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

இன்னொரு பலவீனம் தொலைபேசிக் கடையின் மேசையில் இருக்கிறது. போலிச் சான்று காட்டி உங்கள் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கியவனுக்கு மேலே சொன்ன தந்திரம் எதுவும் தேவையில்லை. வலையமைப்பைப் பொறுத்தவரை அவனே நீங்கள். இதனால்தான் சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரம் அந்த எண்ணில் எஸ்எம்எஸ் வரவும் கூடாது, போகவும் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022இல் ஆணையிட்டது. உடைந்த சிம்முக்கு மாற்று வாங்கிய உடனே செயலியைப் பதிய முயல்பவர் ஒருநாள் முழுக்கத் தோற்பதற்கும் இதுவே காரணம். எரிச்சல்தான், ஆனால் உங்கள் போனில் திடீரென்று சிக்னல் செத்துப்போனால், கடைக்கு ஓட உங்களுக்குக் கிடைக்கும் அவகாசமும் அந்த ஒருநாள்தான்.

ரீசார்ஜ் செய்யாமல் விட்ட ஊர் எண்ணின் கதி இன்னும் விசித்திரமானது. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து நிறுவனம் வேறொருவருக்குக் கொடுக்கலாம். அவர் எங்கோ ஒரு பணச் செயலியைப் பதிகிறார். எஸ்எம்எஸ் ஒழுங்காகப் போகிறது. வங்கியில் இன்னும் பழைய எண்ணே இருப்பதால் கொண்டாப்பூர்க்காரரின் கணக்கு அவர் திரையில் வந்து நிற்கிறது. கார்டு விவரமோ ஆதார் விவரமோ இல்லாமல் அவரால் பின் அமைக்க முடியாது என்பது ஆறுதல். ஆனாலும் யாருடைய கணக்கையோ யாரோ பார்க்கிறார். 2023 நவம்பரில், ஓராண்டு பயன்படுத்தாத யுபிஐ அடையாளங்களை முடக்கும்படி என்பிசிஐ சொன்னது. கைவிட்ட எண்களின் பட்டியலை வங்கிகளும் செயலிகளும் வாரந்தோறும் பார்த்துத் தங்கள் பதிவுகளைத் திருத்த வேண்டும் என்று 2025 மார்ச் 31ஐக் கெடுவாக வைத்தது. இரண்டும் தேவையான வேலைகள், தாமதமாகச் செய்யப்பட்டவை.

சிங்கப்பூரில் பேநவ் 2017இல் வந்தது. அங்கேயும் போன் எண்ணுக்குப் பணம் அனுப்பலாம். ஆனால் எண்ணை இணைப்பவர் அதைத் தன் வங்கியின் வழியாகவே இணைக்க வேண்டும். அங்கே எண் வெறும் முகவரி. நம் முறையில் எண்ணே கணக்கைத் தேடிக் கண்டுபிடிக்கும் சாவி. எந்த வங்கிக் கணக்கையும் எந்தச் செயலியிலும் இணைக்கலாம் என்ற நம் வசதி இதிலிருந்துதான் வந்தது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாவி மாத வாடகைக்கு ஒரு தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கிறது. பேக் விலை ஏறினால் முதலில் கைவிடப்படுவது இரண்டாவது சிம்தான். கைவிடப்படுவது ஊரில் இருக்கும் அப்பாவின் ஒரே சிம்மாகக்கூட இருக்கலாம்.

2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற செயலிகளும் சிம் போனில் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பணச் செயலியில் பழகிய முறையைப் பேச்சுக்கும் விரிக்கிறார்கள். விரிப்பதற்கு முன் பணச் செயலியிலேயே செய்ய வேண்டிய சிறு திருத்தம் ஒன்று மிச்சமிருக்கிறது. ஒரு புதுப் போன், ஒரு புதுச் செயலி வழியாக நம் கணக்கைத் தேடும்போது அந்தக் கேள்வி நம் வங்கிக்கே போகிறது. பதில் சொல்வதும் அதுவே. பின் அமைத்த பிறகோ பணம் போன பிறகோ வரும் தகவலை, கணக்கைத் தேடிய அந்த நொடியிலேயே ‘உங்கள் கணக்கை இன்ன செயலி இப்போது பட்டியலிட்டது’ என்று வங்கி அனுப்பலாம். எண்ணுக்கு மட்டும் அனுப்பினால் அது மோசடிக்காரன் கைக்கே போகக்கூடும். மின்னஞ்சலுக்கும், ஏற்கெனவே பதிவான பழைய போனின் செயலிக்கும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.