கவுன்சலரும் கல்யாண விசாரிப்பும்



சென்னையில் இருக்கும் மனநல ஆலோசகர், தன்னிடம் வந்தவரை வெளியில் ஒருமுறைகூடப் பார்க்காமல் காலம் தள்ளிவிடலாம். தாலுகா ஊரில் அது நடக்காது. காலையில் எதிரே உட்கார்ந்து அழுதவர் மாலையில் ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பார். தெரிந்தவர்களைப் பார்ப்பதில்லை என்று ஆலோசகர் முடிவெடுத்தால் ஊரில் யாரையுமே பார்க்க முடியாது.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையும், ஆலோசனைக்கு வெளியிலும் பழகும் இரட்டை உறவு எல்லாமே தவறு என்று சொல்வதில்லை. ஆலோசகரின் நிதானம் கெடும், வந்தவருக்குக் கெடுதல் வரும் என்ற நிலை இருந்தால்தான் தவறு என்கிறது. வந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதலாம். அவரிடமே கைமாற்று வாங்கக் கூடாது.

நம் ஊர்களில் நிஜமான சிக்கல் வரன் விசாரிக்கும்போதுதான் வருகிறது. ஒரு பெண் பதற்றத்துக்காகச் சில மாதங்கள் வந்து தேறிப் போனாள் என்று வையுங்கள். ஆலோசகரின் அண்ணன் மகனுக்கே அவளைக் கேட்கிறார்கள். அண்ணி போன் செய்கிறார்: "அந்தப் பொண்ணு உங்க கிளினிக் வந்துச்சாமே? ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி, போதும்."

'ஆமாம்' என்று சொல்ல முடியாது. சிகிச்சை பெற்றவரின் ரகசியம் அவருடைய உரிமை என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. 'இல்லை' என்றால் பொய். 'நல்ல பொண்ணுதான்' என்றாலும் வந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். சரி, சும்மா இருந்துவிடலாமா? போன வருஷம் வேறொரு பெண்ணைப் பற்றிக் கேட்டபோது, நல்லெண்ணத்தில் 'அவங்க இங்க வந்ததே இல்லை' என்று சொல்லியிருந்தால் இன்றைய மௌனமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வந்தவருக்கும் வராதவருக்கும் முதல் நாளிலிருந்தே ஒரே பதில்தான்: "யார் வந்தாங்க, வரலைன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்லை அண்ணி." அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும்.

சம்பந்தம் முடிந்தால் அந்தப் பெண் ஆலோசகர் வீட்டு மருமகள். ஆலோசனையில் கேட்டதைப் பற்றி இவர் வீட்டில் வாய் திறக்கக் கூடாது. கணவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவள் இஷ்டம். மறுபடி உதவி தேவைப்பட்டால் இவர் பார்க்காமல் மாவட்ட மருத்துவமனைக்கோ, 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கோ வழிகாட்ட வேண்டும். எது சரி என்று குழம்பினால் பெயர், ஊர் சொல்லாமல் வெளியூர் மூத்த ஆலோசகர் ஒருவரிடம் கேட்பது நல்லது.

அனுபவசாலிகள் முதல் சந்திப்பிலேயே ஒன்றைப் பேசி வைத்துவிடுவார்கள்: "வெளியில பார்த்தா நானா பேச மாட்டேன். நீங்க பேசினா பேசுவேன்." ஆகவே, உங்கள் ஊர் ஆலோசகர் தேர்த் திருவிழாவில் உங்களைக் கண்டும் காணாமல் போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வரன் விசாரிக்க மட்டும் தயவுசெய்து அவருக்குப் போன் போடாதீர்கள்.