பெட்டியில் 27,000

ஆதனக்கோட்டையில் முந்திரி வறுத்து விற்கும் பெண்களுக்காக இரட்டைப் பதிவுக் கணக்கை ஸ்லைடுகளாகத் தயாரித்தேன். இலக்கணத்தை விட்டுவிட்டு, ஒரு கற்பனைக் கடையின் ஐந்து நடவடிக்கைகளை மட்டும் வைத்தேன்.

முதல் ஸ்லைடு: சொந்தப் பணம் 20,000 போட்டுக் கடை தொடங்கியாயிற்று. பெட்டிக்குப் பணம் வந்தது, சரி. யாரிடமிருந்து? உரிமையாளரிடமிருந்து. கடை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. என் கடை எனக்கே கடனா என்று சிரிப்பார்கள். நம் பக்கத்து ராயவரம், ராமச்சந்திரபுரம் செட்டியார்களுக்கு இதில் குழப்பமே இருந்திருக்காது. முதலாளி இங்கே, கடை பர்மாவில், நடத்துகிறவர் ஏஜெண்டு. கடை வேறு, முதலாளி வேறு என்பது கடல் தாண்டித் தெரிந்த உண்மை.

பெறுகிற கணக்கு பற்று, தருகிற கணக்கு வரவு. பெட்டிக்கு வரும் பணத்தை வீட்டு நோட்டில் வரவு என்போம். இங்கே ரொக்கக் கணக்கில் அது பற்று. இந்த ஒரு இடறலைத் தாண்டினால் போதும்.

1. ரொக்கம் பற்று, முதல் வரவு: 20,000
2. கடனுக்குக் கொட்டை வாங்கியது. கொள்முதல் பற்று, வியாபாரி வரவு: 12,000
3. ரொக்க விற்பனை. ரொக்கம் பற்று, விற்பனை வரவு: 9,000
4. பேக்கரிக்குக் கடனாகக் கொடுத்தது. பேக்கரி பற்று, விற்பனை வரவு: 3,000
5. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்தது. எடுப்பு பற்று, ரொக்கம் வரவு: 2,000

இப்போது பெட்டியில் 27,000 இருக்கிறது. போட்டது 20,000, ஆகவே லாபம் 7,000 என்று மனசு சொல்லும். ஆனால் கொட்டை வியாபாரிக்கு 12,000 தரவேண்டும். பேக்கரியிடம் 3,000 நிற்கிறது. கொள்முதல் விலையில் 4,000 ரூபாய்ச் சரக்கு மீதி. அதாவது 8,000 ரூபாய்ச் சரக்கு 12,000க்குப் போயிருக்கிறது. மற்ற செலவுகளைச் சேர்க்காத இந்தக் கணக்கில் லாபம் 4,000தான். ஒற்றை நோட்டு பெட்டியை மட்டும் பார்க்கிறது. இரண்டாவது கணக்குதான் அந்தப் பணம் யாருடையது என்று சொல்கிறது.

எல்லாக் கணக்குகளின் மீதியையும் இருப்பாய்வில் எழுதினால் பற்று 44,000, வரவு 44,000. பேக்கரியின் 3,000ஐத் தவறி வரவுப் பத்தியில் போட்டால் 41,000, 47,000 என்று நிற்கும். வித்தியாசம் 6,000. அதில் பாதியைத் தேடுங்கள், பிழை அகப்படும். ஆனால் பள்ளிக் கட்டணத்தைக் கொள்முதலில் எழுதினால் இருப்பாய்வு ஒன்றும் சொல்லாது. இரு பக்கமும் அதே 44,000. லாபம் மட்டும் 2,000 குறைந்து தெரியும். வீட்டுச் செலவுக்கு எடுப்புக் கணக்கு தனியாக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

கடைசி ஸ்லைடில் ஒரு பயிற்சி: பேக்கரி 1,000 ரூபாய் கொண்டுவந்து தருகிறது. பலரும் ரொக்கம் பற்று, விற்பனை வரவு என்றே எழுதுவார்கள். விற்பனை சரக்கு போன அன்றே பதிவாகிவிட்டது. இன்று ரொக்கம் பற்று, பேக்கரி வரவு; பாக்கி 2,000.