பேர் விழாத மாலைகள்

2026 வரவு செலவுத் திட்டத்தின்படி தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,750 ரூபாய். கம்பனி தருவது 1,550. மிச்சம் 200 அரசாங்கம் தருவது. அந்த 200 ரூபாய்க்குப் பெயர் வருகை ஊக்கத்தொகை. வேலைக்கு வந்து பேர் விழுந்தால்தான் அது கிடைக்கும். ஆக, வருகைக்கே விலை வைத்தாகிவிட்டது. அப்படியானால், வேலை முடிந்த பிறகும் துரைமார் கட்டாயப்படுத்தி வரவழைக்கும் வருகைகளுக்கு மட்டும் ஏன் பேர் விழுவதில்லை?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் நடப்பதைச் சொல்கிறேன். ஏழரைக்குப் பெரட்டு. நாலரைக்குக் கடைசிக் கொழுந்தை மடுவத்தில் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் கூடையை இறக்கும்போது, "யாரும் வீட்டுக்குப் போக வேணாம், ஆபீசுக்கு முன்னால கூட்டம் இருக்கு" என்கிறார் கங்காணி. சான்றிதழ் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கான விழிப்புணர்வு வகுப்பு அது. "பிள்ளைக் காம்பராவில இருந்து புள்ளைய எடுக்கணுங்க ஐயா" என்கிறாள் ஒருத்தி. "பத்து நிமிசந்தான் புள்ள" என்கிறார் ஐயா. வருகைத் தாளில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடியும்போது மணி ஆறு. அந்தத் தாள் கம்பனியின் கோப்புக்குப் போகிறது, செக்றோலுக்குப் போவதில்லை.

கணக்குப் பார்ப்போம். தேயிலைத் தொழிலுக்கான சம்பள நிர்ணய சபையின் தீர்மானப்படி, ஒரு மணிநேரச் சாப்பாட்டு இடைவேளையோடு சேர்த்து ஒன்பது மணித்தியாலம்தான் ஒரு நாள் வேலை. அதைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு. 1,550ஐ எட்டால் வகுத்தால் மணிக்கு 193 ரூபாய் 75 சதம். மேலதிக நேரத்துக்கு ஏறத்தாழ 290 ரூபாய் 63 சதம். ஒன்றரை மணிநேரக் கூட்டத்துக்கு ஒருத்திக்கு 436 ரூபாய் வரவேண்டும். எண்பது பெண்கள் உட்கார்ந்திருந்தால் 34,875 ரூபாய். ஒரே மாலையில் அவர்கள் மடியிலிருந்து எடுக்கப்பட்ட பணம் இது. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் போட்டி, கம்பனிப் பெரியவர்களுக்கு வரவேற்பு, உத்தியோகத்தர்களை ஏற்றிக்கொண்டு போகும் ஒருநாள் சுற்றுலா எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்.

"பயிற்சி அவர்களுடைய நன்மைக்குத்தானே" என்கிறது நிர்வாகத் தரப்பு. நன்மைதான் நோக்கமென்றால் காலை பத்து மணிக்கு நடத்தட்டும். நடத்தமாட்டார்கள், கொழுந்து குறையும். "சுற்றுலா விருப்பமானவர்களுக்கு மட்டும்" என்பது இன்னொரு சமாதானம். விருப்பமென்றால் வராதவர்களின் பெயர்ப்பட்டியல் எதற்கு?

வேலை நேரம் என்றால் என்ன என்பதில் குழப்பமே இல்லை. தொழிலாளி முதலாளியின் வசத்தில் இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம் என்று சர்வதேச தொழிலாளர் தாபனம் 1930இலேயே தன் 30ஆம் சமவாயத்தில் எழுதிவிட்டது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமாக எழுதப்பட்டது அது. மலைக்குப் பொருந்தாது என்று வாதாட யாருக்காவது முகம் இருக்கிறதா?

மறுத்தால் என்ன நடக்கும் என்பதுதான் இதில் மிகக் கொடியது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், நியாயமான காரணமின்றி வேலைக்கு வர மறுத்த கூலியாளைச் சிறைக்கே அனுப்பலாம். அந்தத் தண்டனையை ஒழிக்க 1920கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால், அந்தச் சட்டம் இன்னும் சாகவில்லை, எழுத்தில்லாமல் உயிரோடிருக்கிறது. அன்று குற்றப்பத்திரிகையாவது இருந்தது. இன்று கூட்டத்துக்கு நிற்காதவளுக்குக் கடிதம் வராது. மறுநாள் தூரத்து மலை கிடைக்கும், முற்றிப்போன நிரை கிடைக்கும், நிறை குறையும், அரைப்பேர் விழும். லயத்துக் கூரைத் தகரம் மாற்றக் கொடுத்த விண்ணப்பம் அடியில் போய்விடும். உத்தியோகத்தருக்கென்றால் இடமாற்றம்.

1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்கீழ் தொழில் நியாயசபைக்குத் தொழிலாளி தானே போகக்கூடியது பெரும்பாலும் வேலை பறிபோன பிறகுதான். தூரத்து மலைக்கு அனுப்பியதை எந்த நீதிபதியிடம் சொல்வது? பாரிசில் ஓர் ஆலோசனை நிறுவனம், குடிவிருந்துகளிலும் வாரஇறுதிக் கேளிக்கைகளிலும் கலந்துகொள்ளாத ஊழியரை 2015இல் வேலையிலிருந்து நீக்கியது. பிரான்சின் உயர்மேன்முறையீட்டு நீதிமன்றம் 2022 நவம்பரில் அவர் பக்கம் நின்றது. நீக்கல் கடிதம் என்ற ஒன்று அவர் கையில் இருந்தது. நம் பெண்களிடம் அரைப்பேர் விழுந்த சம்பளச் சீட்டு மட்டுமே இருக்கிறது.

ஆகவே சம்பள நிர்ணய சபை இரண்டு வரிகளை வர்த்தமானியில் சேர்க்க வேண்டும். நிர்வாகம் வரச்சொன்ன நேரமெல்லாம் வேலை நேரம். வேலை நேரத்துக்கு வெளியே வர மறுப்பது ஒழுக்கக்கேடு ஆகாது. கூட்டத்தின் வருகைத் தாளே செக்றோலுக்குச் சான்றாகட்டும். கையெழுத்தைக் கேட்டு வாங்கியவர்கள் அவர்கள்தானே.

தொழிற்சங்கங்கள் இதை ஏன் கேட்கவில்லை என்றால், மே தினத்துக்கு லொறியும் பஸ்ஸும் நிரப்ப வேண்டியவர்கள் அவர்களும்தான். "தலைவர் வரச்சொன்னார்" என்பதும் தோட்டத்தில் உத்தரவுதான். மே தினம் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. அன்றைக்கு வீட்டில் இருந்தவளின் பிரச்சினையைச் சங்கக் காரியாலயம் பிறகு எடுக்காமல் விட்டால், அது எந்தத் துரை செய்ததைவிடவும் குறைந்ததல்ல. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் சங்கங்கள் தங்கள் பஸ்ஸிலிருந்து முதலில் அந்தப் பெயர்ப்பட்டியலை இறக்கட்டும்.